பின்கட்டு அறையில் ஒரு பூட்டு: பிரிபடாத மூன்றில் ஒரு பங்கை வாங்கியவர் கதை

கும்பகோணத்துப் பக்கம் பழைய தெருக்களில் வீடுகள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவில் இருபது அடி அகலம்தான் தெரியும். உள்ளே போனால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, பின்கட்டு, கொல்லை என்று நூறு அடிக்கு மேல் நீண்டுகொண்டே போகும். நான் சொல்லப்போகும் வீடும் அப்படித்தான். அகலம் 20 அடி, நீளம் 110 அடி, மொத்தம் 2,200 சதுர அடி. இரு பக்கமும் பொதுச்சுவர். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், வழி கிடையாது. வீட்டுக்குள் நுழைய வாசல் ஒன்றே ஒன்று.

நான் இதில் அண்ணன் தரப்பு வழக்கறிஞர். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். சட்டம் மட்டும் மாறாதது.

அப்பா 1978-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் 2009-ல் இறந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள்: ஆளுக்குக் கால் பங்கு. அம்மா 2016-ல் போனார், அவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியதில், ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று கணக்கு நேரானது. வீட்டில் குடியிருந்தது அண்ணன் குடும்பம். அக்கா திருச்சியில். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு நூல் வாங்கிக் கொடுக்கும் வேலை பார்த்தார். ஊருக்கு வந்தால் பின்கட்டு அறையில் தங்குவார். திண்ணையை அடைத்து ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாடகையை வாங்கியது அண்ணன்.

தம்பிக்குக் கடன் முற்றியது. 2018 தொடக்கத்தில் அண்ணனிடம் வந்து, "என் பங்கை நீங்களே எடுத்துக்குங்கண்ணே, இருபது வேண்டாம், பதினஞ்சு குடுங்க போதும்" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் சொன்ன பதில் எனக்கு முதல் நாளே ஒப்பிக்கப்பட்டது: "பிரிக்காத வீட்டுல உனக்கு எதுடா பங்கு? நானும் அக்காவும் கையெழுத்துப் போடாம எவன் வாங்குவான்?"

இந்த நம்பிக்கை ஊர் முழுக்க உண்டு, தவறானதும்கூட. கூட்டு உரிமையாளர் ஒருவர் தன் பங்கை மட்டும் விற்க மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. தம்பி அப்பா, அம்மாவிடமிருந்து நேரடியாகப் பங்கு பெற்ற வாரிசு. அந்தப் பங்கு அவர் பெயரில் அன்றே நிலைத்துவிட்டது. அண்ணன் அந்த நேரத்தில் என்னிடம் வந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவைக் காட்டியிருப்பேன். கூட வாரிசான ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற முதல் வகை வாரிசுகளுக்கு உண்டு. விலையில் ஒத்துப்போகவில்லை என்றால் நீதிமன்றமே விலை நிர்ணயிக்கும். அண்ணன் வரவில்லை. பதினைந்து லட்சத்துக்குக் கையில் கிடைத்திருக்க வேண்டியது கடைசியில் என்ன விலைக்குக் கிடைத்தது என்பதுதான் பாக்கிக் கதை.

நான்கு மாதத்தில் தம்பி தன் பங்கை வெளியாள் ஒருவருக்குக் கிரையம் செய்துவிட்டார். வாங்கியவர் நெல் வியாபாரி, தம்பிக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். விலை 11 லட்சம். முழு வீடும் அன்று 60 லட்சம் போகும் என்பதால் மூன்றில் ஒன்று 20 லட்சம். ஏறக்குறையப் பாதி விலை. வழிகாட்டி மதிப்புப்படி அந்தப் பங்கு 14 லட்சம் வந்ததால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 14 லட்சத்தின் மேல்தான் கட்டினார். அப்போது இரண்டும் சேர்ந்து 11 விழுக்காடு, ஆக 1,54,000 ரூபாய். (பதிவுக் கட்டணம் 2023-ல் பாதியான பிறகு இப்போது 9 விழுக்காடு.) வில்லங்கச் சான்று சுத்தம், தாய்ப் பத்திரம் சரி, இரண்டு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சரி. ஆவணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர்கள் ஏமாறும் இடமும் அதுதான். உரிமை சுத்தமாக இருந்தால் சாவி தானாக வரும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். முதல் பத்தி ஒழுங்காக இருந்தது: நான்கு எல்லை, 2,200 சதுர அடி, "இதில் பிரிபடாத மூன்றில் ஒரு பாகம்". அதற்குக் கீழே பத்திர எழுத்தர் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். "மேற்படி பாகத்துக்கு மேற்கே கொல்லைப் பக்கமாக 36 அடி 8 அங்குலம் நீளமுள்ள பின்கட்டும் அறையும் இன்று தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைக்கப்பட்டது." எங்கிருந்து வந்தது 36 அடி 8 அங்குலம்? 110-ஐ மூன்றால் வகுத்திருக்கிறார். அவ்வளவே. வீட்டைக் குறுக்கே மூன்றாக வெட்டினால் பின் துண்டுக்குத் தெருவிலிருந்து போக வழியே இல்லை, அண்ணன் கூடத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

பிரிபடாத பங்கு என்றால் அது வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்றில் ஒன்று. எந்தச் செங்கல்லும் முழுசாக அவருடையது அல்ல. தனக்கே இல்லாத "பின்கட்டு முழுதும்" என்ற உரிமையைத் தம்பியால் விற்க முடியாது. அதனால் பத்திரம் செல்லாமல் போய்விடாது. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அது செல்லும். எல்லை போட்டு எழுதிய பகுதி மட்டும் மற்ற இருவரையும் கட்டுப்படுத்தாது. பிரிவினை நடக்கும்போது, மற்றவர்களுக்குப் பாதகம் இல்லை என்றால், அந்தப் பகுதியையே வாங்கியவருக்கு ஒதுக்கும்படி கேட்கலாம். நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கும். அதற்கு மேல் அந்த 36 அடி 8 அங்குலத்துக்கு மதிப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் குடும்பம் கோயிலுக்குப் போயிருந்த நேரம், வியாபாரி இரண்டு ஆட்களுடன் வந்தார். தம்பி கொடுத்த சாவியால் பின்கட்டு அறையைத் திறந்தார், பதினைந்து இருபது சாக்கு மூட்டைகளைப் போட்டார், பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அண்ணி கொல்லைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. "எங்க வீட்டுக்குள்ள யாரோ பூட்டுப் போட்டிருக்காங்க சார்" என்றுதான் அண்ணன் என்னிடம் ஆரம்பித்தார். பூட்டை உடைக்க வேண்டாம் என்பதே நான் சொன்ன முதல் வார்த்தை. உடைத்தால் அது காவல் நிலையத்து வழக்காகிவிடும், நமக்குச் சாதகமான சட்டப் பேச்சு அடிபட்டுப்போகும்.

சாதகமான அந்தச் சட்டம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு. இரண்டு பத்திதான். முதல் பத்தி வாங்குகிறவர் பக்கம் நிற்கிறது: கூட்டு உரிமையாளரின் பங்கை வாங்கியவருக்கு, விற்றவருக்கு இருந்த கூட்டு அனுபவ உரிமையும் பிரிவினை கேட்கும் உரிமையும் கிடைக்கும். காலி மனைக்கோ கடைக் கட்டடத்துக்கோ இதுதான் பொருந்தும். இரண்டாவது பத்தி குடும்ப வீட்டுக்கு விலக்குப் போடுகிறது. பிரியாத குடும்பத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கியவர் அந்தக் குடும்பத்தைச் சேராதவர் என்றால், கூட்டு அனுபவத்துக்கு அவருக்கு உரிமை இல்லை. பிரிவினை கேட்கலாம், உள்ளே வந்து உட்கார முடியாது. இங்கே "பிரியாத குடும்பம்" என்பதை இந்துக் கூட்டுக் குடும்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே அடுப்பில் சமைக்க வேண்டியதில்லை, எல்லாரும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதும் இல்லை. வீடு குடும்பத்தாருக்குள் பிரிக்கப்படாமல் இருந்தால் போதும். அக்கா திருச்சியில் இருப்பதும் தம்பி திருப்பூரில் இருந்ததும் நமக்கு எதிராகப் போகவில்லை.

வியாபாரியை வெளியேற்றி, மறுபடி உள்ளே வராமல் தடுக்க மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்குப் போட்டோம். வியாபாரியின் வாதம் நேர்த்தியாகவே இருந்தது: "நான் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டேன், சுவாதீனம் ஒப்படைத்ததாகப் பத்திரமே சொல்கிறது, இடைக்கால மனுவில் என்னை வெளியேற்ற முடியாது." இதற்கு உச்ச நீதிமன்றம் 1990-ல் டோரப் காவஸ்ஜி வார்டன் வழக்கில் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்து வீடு. இறந்த சகோதரரின் மனைவியும் பிள்ளைகளும் தங்கள் பாதிப் பங்கை வெளியாருக்கு விற்று உள்ளே விட்டுவிட்டார்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்கச் சொல்லாமல், இடைக்காலக் கட்டளையிலேயே வாங்கியவர்களை வெளியே போகச் சொன்னது சரி என்றது உச்ச நீதிமன்றம். பார்சி குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்புக்கு மதம் குறுக்கே வருவதில்லை. எங்கள் வழக்கில் ஏழு மாதத்தில் மூட்டைகளை எடுத்துவிட்டு அறையைத் திறந்துவிட உத்தரவு வந்தது. அமீனா வந்த அன்று பூட்டின் சாவி தொலைந்துவிட்டது என்றார் வியாபாரி. பூட்டுக்காரரை அழைத்துத் திறந்தார்கள்.

அண்ணனுக்கு ஜெயித்த களிப்பு. ஆனால் தடையுத்தரவு வியாபாரியின் பங்கைத் தொடவே இல்லை. மூன்றில் ஒன்று அவருடையதாகத்தான் இருந்தது. அவர் கூட்டுப் பட்டாவில் பெயரும் சேர்த்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு, "இனிமேல் மாதம் 2,000 என்னிடம் கொடு" என்று நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பையன் நடுங்கிப்போய் என்னிடம் ஓடிவந்தான். பங்கை வாங்கியவர் ஒரே வாடகை ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாகத் துண்டு போட முடியாது, வழக்கம்போல அண்ணனிடமே கொடு என்றேன். ஆனால் அண்ணனிடம் தனியாக ஒன்றும் சொன்னேன்: கிரையத் தேதி முதல் அந்த 2,000 ரூபாய் அவருடைய காசுதான், வீட்டு வரியும் மராமத்துச் செலவும் கழித்துக்கொண்டு மீதிக்கு ஒரு நாள் கணக்குக் காட்ட வேண்டிவரும், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து அவர் கேட்டது எல்லாரும் கேட்பது: "நாமளே பாகப்பிரிவினை கேஸ் போட்டு ஆளை வெட்டிவிட்டா என்ன?" வேண்டவே வேண்டாம் என்றேன். காரணம் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். அதன் 4-ஆவது பிரிவுப்படி, குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்காளி யாராவது "அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று உறுதி கொடுக்கலாம். கொடுத்தால் நீதிமன்றம் மதிப்புப் போட்டு, அவருக்கே விற்கும்படி கட்டளையிட்டாக வேண்டும். வெளியாளுக்கு மறுக்க வழியில்லை. ஆனால் இந்த உரிமை பிறப்பது வெளியாள் பிரிவினை கேட்கும்போது. குடும்பத்தார் முந்திக்கொண்டு வழக்குப் போட்டு, வெளியாள் வெறும் பிரதிவாதியாகச் சும்மா நின்றால் 4-ஆவது பிரிவு எழாது என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கௌதம் பால் வழக்கில் சொல்லிவிட்டது. அவசரப்பட்டவருக்கு ஆயுதம் போய்விடும். காத்திருக்கிறவருக்கு அது இறுதித் தீர்ப்பாணை நிறைவேறும் கட்டம் வரைகூடக் கிடைக்கும்.

எனவே சும்மா இருந்தோம். அண்ணனுக்கு அது வழக்கு நடத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் போன் வரும்.

வியாபாரி 2019 கடைசியில் நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போட்டார். வீடு அவர் அனுபவத்தில் இல்லை என்பதால் பங்கின் சந்தை மதிப்பின் மேல் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம். 20 லட்சத்துக்கு 60,000 ரூபாய். கூட்டு அனுபவத்தில் இருக்கிற குடும்பத்தார் ஒருவர் போட்டிருந்தால் சொற்பமான நிலைக் கட்டணத்தோடு போயிருக்கும். வீட்டுக்குள் இல்லை என்பதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

நாங்கள் 4-ஆவது பிரிவைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய வழக்கறிஞர் கணக்குப் போட்டது அதன் மேல்தான். நீதிமன்றம் நியமித்த ஆணையர் வந்து அளந்தார். நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பட்டையும் 6 அடி 8 அங்குலம் அகலம், சுவருக்கு இடம் விட்டால் அதைவிடக் குறைவு. அதில் ஒரு கட்டில் போட்டுக் கதவு திறக்க முடியாது. குறுக்கே பிரித்தால் பின் துண்டுகளுக்கு வழி இல்லை. நியாயமாகப் பிரிக்க முடியாத சொத்து என்று அறிக்கை கொடுத்தார். அப்படியானால் ஏலம் விட்டுப் பணத்தைப் பிரிக்கலாம் என்று அதே பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதைக் கேட்க, கேட்கிறவர்களின் பங்கு மொத்தத்தில் பாதியாவது இருக்க வேண்டும். வியாபாரியிடம் இருந்தது மூன்றில் ஒன்று. அவர் தனியாக ஏலம் கேட்க முடியாது. சேர்ந்து கேட்க ஒரே ஆள், திருச்சி அக்கா.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது. வியாபாரி அக்காவிடம் ஆள் அனுப்பினார். ஏலத்துக்குச் சம்மதித்தால் முழு வீட்டின் விலையில் மூன்றில் ஒன்று ரொக்கமாகக் கைக்கு வரும். அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாடகைகூட அதுவரை வந்ததில்லை, அந்த வருத்தமும் உண்டு. "தம்பி ரெண்டு பேருமே என்னைக் கேட்டுத்தான் எதையும் செஞ்சாங்களா?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணன் போய் அக்காவிடம் வாடகைப் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார், பத்து வருஷத்துக்கும். அது என் யோசனை. சட்டத்தில் அதற்குப் பிரிவு எண் எதுவும் கிடையாது. அக்கா ஏலத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. பாதிப் பங்கு சேரவில்லை என்றாலும் வீடு தப்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. 2-ஆவது பிரிவு பொருந்தாத இடத்திலும், ஒருவருக்கே வீட்டை ஒதுக்கி மற்றவர்களுக்கு ஈடாகப் பணம் கொடுக்கச் சொல்வது போன்ற வழிகளை நீதிமன்றம் எடுக்கலாம்.

அண்ணன் 4-ஆவது பிரிவின்படி உறுதி கொடுத்தார். கூடவே ஒரு ஆசையையும் மனுவில் எழுதச் சொன்னார்: "அவன் 11 லட்சத்துக்குத்தானே வாங்கினான், 11-க்கே கொடுக்கட்டும்." அப்படி நடக்காது என்று சொல்லியும் கேட்கவில்லை. நீதிமன்றம் போடுவது அந்தப் பங்கின் மதிப்பு. பத்திரத்தில் எழுதிய விலைக்கு அது கட்டுப்படாது. ஆணையருடன் வந்த பொறியாளர் இடத்தின் மதிப்பையும் பழைய கட்டடத்தின் எஞ்சிய மதிப்பையும் கூட்டி வீட்டுக்கு 63 லட்சம் போட்டார். மூன்றில் ஒன்று 21 லட்சம். தொகையைக் கட்ட அண்ணன் நகையை அடகு வைத்தார், அக்காவும் கொஞ்சம் கொடுத்தார். கட்டி முடித்தது 2024-ல்.

தம்பி 15 லட்சத்துக்குத் தருகிறேன் என்று கேட்டதிலிருந்து ஆறு வருஷம்.

பார்க்கிறவர்களுக்கு வியாபாரி கொழுத்த லாபம் பார்த்ததாகத் தோன்றும். 11 லட்சம் போட்டு 21 லட்சம் எடுத்தார் அல்லவா? கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கிரையம் 11 லட்சம், பதிவுச் செலவு 1.54 லட்சம், நீதிமன்றக் கட்டணம் 60,000, ஆக 13.14 லட்சம். அதே பணத்தை ஆறு வருஷம் 7 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டிருந்தால் ஏறக்குறைய 19.7 லட்சம் வந்திருக்கும். இரண்டு வழக்கின் வழக்கறிஞர் கட்டணம், வாய்தாவுக்கு வந்துபோன செலவு, நெல் வியாபாரத்துக்குக் கிடைக்காமல் இதில் முடங்கிய முதல் எல்லாம் சேர்ந்தால் மீதி ஒன்றுமில்லை. வாடகைக் கணக்கில் அவர் பங்காக ஆறு வருஷத்துக்கு 1.44 லட்சம் வர வேண்டியது, வரியும் ஓடு மாற்றிய செலவும் கழிந்து பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. பாதி விலைக்குக் கிடைத்ததே என்று அவர் வாங்கிய தள்ளுபடி, காத்திருந்த காலத்துக்கான கூலி. அவர் கெட்டிக்காரர், எல்லாம் தெரிந்தே வாங்கியிருப்பார் என்று என் ஜூனியர் சொல்வார். பூட்டு மாட்டிய விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவி கிடைத்தால் வீடு கிடைத்தது என்றுதான் நினைத்திருக்கிறார். வங்கி இந்த மாதிரிப் பங்கின் மேல் சுலபத்தில் கடன் தருவதில்லை என்பதும் அவருக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், கேட்காதவர்கள் இல்லை. அடுக்குமாடி வீடு வாங்கும்போது பத்திரத்தில் வரும் யூ.டி.எஸ். என்ற பிரிபடாத மனைப் பங்கும் இதுவும் ஒன்றா? சொல் ஒன்றுதான். அங்கே எந்த வீடு யாருக்கு, யார் தனியாக அனுபவிப்பது என்பதெல்லாம் எல்லா உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட ஏற்பாடு. மனை மட்டும் பொது, வீடு தனி. இங்கே அப்படி ஒப்புக்கொண்டவர் யாரும் இல்லை.

நீதிமன்ற உத்தரவுப்படி வியாபாரி அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த கிரையப் பத்திரத்தை நான்தான் வரைந்தேன். வழக்கில் தோற்றவர் எழுதிக்கொடுக்கிறார் என்பதற்காக முத்திரைத் தீர்வையில் சலுகை கிடையாது, அண்ணன் மறுபடியும் கட்டினார். சொத்து விவரத்தின் முதல் பத்தியை வியாபாரியின் பழைய பத்திரத்திலிருந்து வார்த்தை மாறாமல் எடுத்துக்கொண்டேன்: நான்கு எல்லை, 2,200 சதுர அடி, இதில் பிரிபடாத மூன்றில் ஒரு பாகம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன் வியாபாரி அதை நிதானமாகப் படித்துவிட்டு, "அந்த 36 அடி 8 அங்குலம் இதுல காணோமே சார்?" என்றார்.